பத்து நிமிஷ மெயிலும் குழுவோட மெயிலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



போன மாதக் கூட்டத்தில் மூன்று குழுக்காரர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஆன்லைனில் பொருள் விற்கப் பதிவு பண்ணப் போனோம். மெயில் முகவரி செல்லாதுன்னு சிவப்பு எழுத்தில் வருது. நம்மகிட்ட என்ன தப்பு?" என்று. பொடி தயாரிக்கும் குழுவுக்கு நடந்ததை நான் கூட இருந்து பார்த்தவள் என்பதால், நீயே சொல்லிடும்மா என்று தலைவி அக்கா சொல்லிட்டாங்க. அந்தக் குழுவும் தாராளமா சொல்லு, ஊர் பேர் மட்டும் வேண்டாம்னு அனுமதி குடுத்திருக்காங்க.

அந்தக் குழுவில் ஆறு பேர் சேர்ந்து முருங்கைக்கீரைப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி செய்கிறார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கியாச்சு, கவர் அச்சடிச்சாச்சு. ஆடி மாதம் ஒரு விற்பனைத் தளத்தில் பதிவு பண்ண டவுனில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாங்க. பான் கார்டு, பாஸ்புக், போட்டோ எல்லாம் கொண்டு போனவங்க போனை மட்டும் கொண்டு போகல. போன் வீட்டில் பையன் ஆன்லைன் வகுப்புக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டான். கீபேட் போன் ஒன்று மட்டும் கையில் இருந்தது.

படிவத்தில் மெயில் முகவரி கேட்டது. "எங்களுக்கு மெயிலே கிடையாது தம்பி" என்றார்கள். அந்தத் தம்பி தன் போன் நம்பரைப் போட்டு ஒரு ஜிமெயில் திறக்கப் பார்த்தார். அது `This phone number has been used too many times` என்று சொல்லிவிட்டது. அதாவது, ஒரு போன் நம்பரை வைத்து எத்தனை கணக்கு வேண்டுமானாலும் திறக்க கூகுள் விடாது. சென்டருக்கு வருகிற எல்லாருக்கும் அவர் அந்த ஒரே நம்பரில்தான் திறந்து குடுத்திருக்கிறார். நம்பரின் கணக்கு முடிஞ்சு போச்சு. இவங்க கையில் இருந்த கீபேட் போனுக்கே கோடு வந்திருக்கும். அது அந்த நேரத்தில் யாருக்கும் தோணல. வெளியே ஆதாருக்கு வரிசை நிற்கிறது, அவருக்கு அவசரம். அதனால் அவர் தற்காலிக மெயில் தரும் ஒரு பக்கத்தைத் திறந்தார்.

தற்காலிக மெயில் என்றால் என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இணையத்தில் `10minutemail`, `mailinator`, `yopmail` என்று சில பக்கங்கள் இருக்கின்றன. பேர் கேட்காது, போன் நம்பர் கேட்காது. திறந்த உடனே ஒரு முகவரி குடுக்கும். அதற்கு வரும் கடிதத்தை அங்கேயே படிக்கலாம். பேரிலேயே இருக்கிற மாதிரி, பத்து நிமிஷ மெயில் பத்து நிமிஷத்துக்குத்தான். வேண்டுமானால் பட்டனைத் தட்டி இன்னும் பத்து நிமிஷம் நீட்டிக்கலாம். அதோடு சரி. மெயிலினேட்டர் 2003ஆம் வருஷத்திலிருந்தே இருக்கிறது. அதன் இலவசப் பெட்டிக்குப் பூட்டே கிடையாது. கடவுச்சொல் இல்லை. முகவரியின் பேரை யார் தட்டினாலும் அந்தப் பெட்டி திறக்கும், உள்ளே இருப்பதை அவரும் படிக்கலாம்.

இது கெட்ட காரியத்துக்காகவே உண்டான பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு தையல் மாடலை ஒரே ஒரு தடவை இறக்கிப் பார்க்க மெயில் கேட்பான். குடுத்தால் ஆறு மாதத்துக்கு விளம்பரமாக வந்து குவியும். அந்த மாதிரி இடத்துக்கு இது சரி. லாட்ஜ் ரூமில் ஒரு ராத்திரி தங்குவதில் தப்பில்லையே. ஆனால் லாட்ஜ் ரூம் நம்பரை ரேஷன் கார்டில் விலாசமாகப் போடுவோமா?

பொடிக் குழு விஷயத்துக்கு வருகிறேன். தம்பி போட்ட முதல் முகவரிக்கு `Disposable email addresses are not allowed` என்று வந்தது. தூக்கி எறிகிற மெயில் இங்கே செல்லாது என்று அர்த்தம். அவர் அதை இவர்களிடம் படித்துச் சொல்லவில்லை. வேறொரு பக்கத்தில் இன்னொரு முகவரி எடுத்துப் போட்டார். அதையும் திருப்பியது. மூன்றாவதாக, யாரும் கேள்விப்படாத ஒரு பேரில் முடியும் முகவரி கிடைத்தது. அதைத் தளம் ஏற்றுக்கொண்டது. உறுதி செய்யும் இணைப்பு ஒரு நிமிஷத்தில் வந்தது, தட்டினார், கணக்கு திறந்துவிட்டது. நூற்று ஐம்பது ரூபாய் குடுத்துவிட்டு, சந்தோஷமாக பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

இரண்டைத் தடுத்த தளம் மூன்றாவதை ஏன் விட்டது? என் கொழுந்தனார் மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவள்தான் எனக்கு இதை விளக்கிச் சொன்னாள். மெயில் முகவரியில் நடுவில் `@` என்று ஒரு சுழி இருக்குமே, அதற்கு முன்னால் இருப்பது ஆளின் பேர், பின்னால் இருப்பது தபால் ஆபீஸின் பேர். தளம் முதலில் பார்ப்பது பின்னால் இருக்கிற தபால் ஆபீஸைத்தான். தற்காலிக மெயில் தருகிறவர்களின் தபால் ஆபீஸ் பேர்களை எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்கள் அதைப் பொதுவில் வைத்து ஆளுக்கு ஆள் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாம் தட்டிய பேர் பட்டியலில் இருந்தால் அங்கேயே நிறுத்தம். பட்டியலில் இல்லாவிட்டால், அந்தப் பேரில் கடிதம் வாங்கும் கம்ப்யூட்டர் ஒன்று உண்மையில் இருக்கிறதா என்றும் சில தளங்கள் பார்க்கும்.

பட்டியல் வளர வளர, தற்காலிக மெயில்காரர்கள் புதுப் பேரை வாங்கி விடுகிறார்கள். புதுப் பேர் பட்டியலில் ஏறும் வரைக்கும் உள்ளே நுழைந்துவிடலாம். ஏறிய பிறகு அந்தப் பேரால் பிரயோஜனம் இல்லை என்று அவர்களும் அதைக் கைவிட்டுவிடுவார்கள். நம் குழுவின் முகவரி அந்த இடைவெளியில் நுழைந்ததுதான். தடுத்திருந்தால் அன்றைக்கு ஒரு பஸ் செலவோடு போயிருக்கும். தடுக்காமல் விட்டதுதான் பின்னால் பெரிய சங்கடமாக வந்தது.

தளக்காரர்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். புதுசாகச் சேர்கிறவர்களுக்கு முதல் ஆர்டரில் நூறு ரூபாய் தள்ளுபடி என்று விளம்பரம் வரும். ஒரே ஆள் இந்த மெயிலை வைத்து நாற்பது கணக்கு திறந்து நாற்பது தடவை தள்ளுபடி வாங்குவான். இன்னொருவன் தன் பொருளுக்குத் தானே நாற்பது பேர் மாதிரி ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வான். நம் பொடிக்குப் பக்கத்தில் அவன் பொடி நிற்கும். அப்போ அந்தக் காவல் நமக்கும் சேர்த்துத்தான். அதோடு இன்னொரு காரணமும் உண்டு. தளம் அனுப்புகிற கடிதங்கள் ஆளில்லாத முகவரிக்குப் போய் நிறையத் திரும்பி வந்தால், மெயில் கம்பெனிகள் அந்தத் தளத்தையே குப்பைக் கடிதம் அனுப்புகிறவன் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் அது ஒழுங்காக அனுப்பும் கடிதமும் ஸ்பேமில் போய் விழும். அதற்கும் பயந்துதான் வாசலிலேயே பார்க்கிறார்கள்.

பொடி நன்றாகத்தான் விற்றது. ஏழு வாரத்தில் 46 பாக்கெட் போயிருக்கிறது. பணமும் வாரா வாரம் வந்தது. ஆர்டர் வந்தால் போனில் இருக்கும் செயலி மணி அடிக்கும், அனுப்புவார்கள். மெயிலை நினைக்க வேண்டிய வேலையே வரவில்லை. புரட்டாசியில் திடீரென்று ஆர்டர் நின்றது. புரட்டாசி மாதம், எல்லாரும் விரதம், அதனால்தான் என்று நினைத்திருக்கிறார்கள். விரத காலத்தில் பருப்புப் பொடி கூடத்தானே விற்க வேண்டும் என்று எனக்கு அப்போதே சந்தேகம். பத்து நாள் கழித்து ஒரு உறுப்பினரின் மருமகன் சென்னையிலிருந்து தேடிப் பார்த்து, பொருளே பட்டியலில் இல்லையே அத்தை என்றார்.

நடந்தது இதுதான். பாக்கெட் போட்டோவில் தயாரித்த தேதி தெரியவில்லை, ஏழு நாளுக்குள் புதுப் போட்டோ ஏற்றுங்கள் என்று தளம் மெயில் அனுப்பியிருக்கிறது. அது செத்துப்போன முகவரிக்குப் போயிருக்கிறது. பதில் இல்லாததால் எட்டாம் நாள் பொருளை எடுத்துவிட்டார்கள். கணக்கையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று நிறுத்தி, கடைசி ஆர்டர்களின் 4,140 ரூபாயையும் பிடித்து வைத்துவிட்டார்கள்.

சரி, உள்ளே போய் போட்டோவை மாற்றலாம் என்றால், செயலி வெளியே தள்ளியிருந்தது. கடவுச்சொல் கேட்டது. சென்டரில் போட்ட கடவுச்சொல் யாருக்கு ஞாபகம்? மறந்துவிட்டது என்பதைத் தட்டினால், உங்கள் மெயிலுக்கு இணைப்பு அனுப்பியிருக்கிறோம் என்று வருகிறது. மெயிலை மாற்றலாம் என்றால், மாற்றுவதற்கு அனுமதிக் கோடு பழைய மெயிலுக்குத்தான் போகும். இது நம்மை வதைக்கப் போட்ட விதி இல்லை. நம் போனைத் திருடியவன் மெயிலை மாற்றி, வங்கிக் கணக்கையும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி. ஆனால் பழைய மெயில் இல்லாதவருக்கு, சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான்.

சென்டர் தம்பியிடம் போய்க் கேட்டோம். நல்ல பையன், மறைக்கவில்லை. எடுத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் இருந்தது, ஆனால் பேர் மாறிவிட்டது. பழைய பேரில் முடியும் முகவரிகளை அவர்கள் விட்டுவிட்டார்கள். பேர் மாறாமல் இருந்திருந்தால் திறந்திருக்கும். எங்களுக்கு மட்டுமில்லை, அதே எழுத்துகளைத் தட்டுகிற யாருக்கும் திறந்திருக்கும். கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கே கிடந்திருக்கும். அதை நினைத்து ஊக்குநர் அக்கா ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துவிட்டாங்க.

அப்புறம் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டோம். இதில் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் பதிந்த போன் நம்பரிலிருந்தே கூப்பிட வேண்டும். வேறு நம்பரில் கூப்பிட்டால் பேச்சே எடுக்க மாட்டார்கள். பதிவு பண்ணும்போது அந்தக் கீபேட் போன் நம்பரைக் குடுத்தது நல்லதாகப் போச்சு. அவர்கள் கேட்டது: பான் கார்டு நகல், ரத்து செய்த காசோலை, மெயிலை ஏன் மாற்றுகிறோம் என்று கையெழுத்துப் போட்ட கடிதம், கையெழுத்துப் போட்டவரின் ஆதார் பக்கம். இவை எல்லாம் புது மெயிலிலிருந்து போக வேண்டும், அந்தப் புது மெயில் தற்காலிகமாக இருக்கக் கூடாது. 16 நாள் ஆனது. பணம் வந்தது, கணக்கும் வந்தது. அதற்குள் தீபாவளி போய்விட்டது. தீபாவளிக்கென்று போட்டு வைத்த 120 பாக்கெட்டைச் சந்தையில் விலை குறைத்துத்தான் தள்ளினார்கள்.

புது மெயில் எதைக் குடுப்பது என்று ஒரு கூட்டமே நடந்தது. அங்கே பேசியதைத்தான் இங்கே எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில், எங்களுக்கு மெயிலே இல்லை என்று சொன்னார்கள் இல்லையா, அது உண்மை இல்லை. டச் போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் அநேகமாக ஒரு ஜிமெயில் இருக்கிறது. போனில் `Play Store` திறந்து, மேலே வலது ஓரத்தில் இருக்கும் வட்டத்தைத் தட்டிப் பாருங்கள். உங்கள் பேரும் ஒரு முகவரியும் தெரியும். போன் வாங்கின கடைக்காரர் அன்றைக்கே திறந்து வைத்தது. ஆறு பேரில் நாலு பேருக்கு அப்படி இருந்தது. நாலு பேருக்கும் கடவுச்சொல் தெரியாது. ஒருத்தருக்கு, கணக்கு தொலைந்தால் மீட்க வேண்டிய போன் நம்பராக அந்தக் கடைக்காரர் நம்பரே இருந்தது. இன்னொருத்தருக்கு இடம் நிரம்பி இருந்தது. ஜிமெயிலுக்கும் போட்டோ சேமிப்புக்கும் சேர்த்து கூகுள் 15 ஜிபி இடம்தான் சும்மா தருகிறது. பேரப் பிள்ளை வீடியோ எல்லாம் தானாக ஏறி ஏறி அது நிரம்பிவிட்டால், புது மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். முகவரி நல்ல முகவரி, தளமும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் கோடு மட்டும் வரவே வராது. கோடு வரவில்லை என்று சொல்கிறவர்கள் ஸ்பேமைப் பார்த்த பிறகு இதையும் பாருங்கள்.

பொருளாளரின் மகன் மெயிலைக் குடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவன் படித்த பையன், பொறுப்பானவன். நான்தான் வேண்டாம் என்றேன். அடுத்த வருஷம் அவனுக்கு வெளியூரில் வேலை கிடைக்கும். அதைவிட, பொருளாளர் மாறினால் என்ன செய்வது? நம் குழுவில் ஊக்குநரும் பிரதிநிதிகளும் மாறிக்கொண்டே இருப்பவர்கள். வங்கியில் கையெழுத்தை மாற்றுகிறோம். ஆனால் ஒருத்தரின் சொந்த மெயிலைக் கை மாற்ற முடியாது. அதில் அவர் வீட்டு விஷயமும் இருக்கும். சென்டரின் மெயிலைக் குடுப்பதும் இதே கதைதான். இன்னொருவர், சொந்தமாக வெப்சைட் பேர் வாங்கித் தருகிறேன், குழு பேரிலேயே மெயில் வரும், முதல் வருஷம் இலவசம் என்று வந்தார். கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் அந்தப் பேரை வேறொருவர் வாங்கலாம், நமக்கு வரும் கடிதம் அவருக்குப் போகும். புதுசாக வாங்கிய பேரைச் சில தளங்கள் சந்தேகமாகவும் பார்க்கும். வியாபாரம் பெரிசான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் குழுவுக்கென்று ஒரு ஜிமெயில் திறப்பது என்று முடிவானது. ஜிமெயில்தான் வேண்டும் என்பதில்லை, அவுட்லுக், யாஹூ எல்லாமும் தளங்கள் ஏற்றுக்கொள்வதுதான். நம் போனில் ஜிமெயில் ஏற்கெனவே இருப்பதால் அது சுலபம், அவ்வளவுதான்.

பேர் வைப்பதில் அரை மணி நேரம் போனது, அது வீண் இல்லை. தமிழ்ப் பேரை ஆங்கிலத்தில் எழுதினால் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். மகளிர் என்பதை ஒருவர் `magalir` என்பார், ஒருவர் `makalir` என்பார். குழு என்பதற்கு `kuzhu`, `kulu` இரண்டும் ஓடுகிறது. போனில் சொல்லும்போது எதிரில் இருக்கிறவர் அவருக்குப் பழக்கமான மாதிரி எழுதிக்கொள்வார், கடிதம் யாருக்கோ போகும். அதனால் ழ, ள வராத பேராக, ஒரே விதமாக எழுதக் கூடிய பேராக எடுத்தார்கள். `1` என்ற எண்ணும் `l` என்ற எழுத்தும் பார்க்க ஒன்று போல இருக்கும். பூஜ்யமும் `o` எழுத்தும் அப்படித்தான். அவற்றைக் கலக்கவில்லை. குழப்பமாக எட்டு எழுத்து, ஆறு எண் என்று தட்டி வைத்தால், மெஷின் திறந்த கணக்கு மாதிரி இருக்கும், மனுஷருக்கும் ஞாபகம் நிற்காது. நடுவில் புள்ளி வைக்கலாமா என்று கேட்டார்கள். ஜிமெயிலில் புள்ளிக்கு மதிப்பே இல்லை, வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் வரும். ஆனால் ஒரு தளத்தில் புள்ளியோடும் இன்னொன்றில் புள்ளி இல்லாமலும் குடுத்தால், பிறகு உள்ளே நுழையும்போது எதைக் குடுத்தோம் என்று நாமே தடுமாறுவோம். அதனால் வைக்கவில்லை.

விளம்பரம் வந்து குவியுமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஜிமெயிலில் உங்கள் பேருக்குப் பின்னால், `@` சுழிக்கு முன்னால், `+kadai` என்று சேர்த்துக் குடுத்தாலும் அது உங்கள் பெட்டிக்கே வரும். எந்தத் தளம் உங்கள் முகவரியை மற்றவர்களுக்குக் குடுத்தது என்று அதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சில தளங்கள் அந்தக் கூட்டல் குறியை ஏற்காது, அப்போ சாதாரணமாகக் குடுத்துவிடுங்கள்.

போன் நம்பர் யாருடையது என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம். மெயிலைத் திறக்கும்போதும், பின்னால் தொலைந்தால் மீட்கும்போதும் கோடு வருவது அந்த நம்பருக்குத்தான். பதிந்த நம்பர் இப்போதைய ஊக்குநர் அக்காவுடையது. மீட்பதற்கு இரண்டாவதாக ஒரு மெயில் குடுக்கலாம், அதற்குப் பொருளாளர் சொந்த மெயிலைக் குடுத்தார்கள். அதற்கு முன்னால் அதன் கடவுச்சொல்லைப் புதுசாக மாற்றிக்கொண்டார்கள். ரீசார்ஜ் பண்ணாமல் மாதக்கணக்கில் விட்டால் நம்பர் செத்து, வேறொருத்தருக்குப் போய்விடும் என்பதால், பழைய சிம்மை இதற்கென்று ஒதுக்கும் யோசனையை விட்டுவிட்டார்கள்.

கூகுளில் பத்து அவசரக் கோடுகள் எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். இரண்டு கட்டச் சோதனை போட்டிருக்கிற கணக்குக்கு, போன் கையில் இல்லாத நேரத்தில் ஒன்றைப் போட்டு உள்ளே போகலாம். ஒன்றை ஒரு தடவைதான் போட முடியும். அதை அச்செடுத்து, கடவுச்சொல்லோடு ஒரு கவரில் ஒட்டி, ரப்பர் ஸ்டாம்பு இருக்கும் குழுப் பெட்டிக்குள் வைத்தார்கள். தீர்மான நோட்டில் எழுதியது முகவரி, யார் போன் நம்பர், எந்தெந்த இடத்தில் இந்த மெயிலைக் குடுத்திருக்கிறோம் என்பது மட்டும். கடவுச்சொல்லை நோட்டில் எழுதவில்லை, நோட்டைத் தணிக்கைக்கு வருகிற எல்லாரும் புரட்டுவார்கள். ஊக்குநர் மாறும் அன்றைக்கே கடவுச்சொல்லும் நம்பரும் மாற்ற வேண்டும் என்று ஒரு வரி. நம்பரை மாற்றினாலும் ஏழு நாள் வரைக்கும் பழைய நம்பருக்குக் கோடு அனுப்பவா என்று கூகுள் கேட்கக் கூடும். அதனால் பழைய ஊக்குநர் ஒரு வாரத்துக்கு அந்த போனை யாரிடமும் குடுக்காமல் வைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், சேமிப்புப் பணம் கட்டும் நாளில், மெயிலைத் திறந்து ஸ்பேமையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்பது 2023லிருந்து இருக்கிற விதி. விற்பனை நிறுத்தினாலும் திறந்து பார்க்கிற வழக்கத்தை நிறுத்தக் கூடாது.

அந்த மூன்று குழுக்களுக்கு வருகிறேன். சிவப்பு எழுத்து வந்த எல்லாருக்கும் தற்காலிக மெயில்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். அவர்கள் எடுத்து வந்த படத்தைப் பார்த்தேன். ஒரு குழுவுக்குத்தான் `Disposable` என்ற சொல் இருந்தது, அவர்களும் ஒரு சென்டரில்தான் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது குழு `gmail.con` என்று தட்டியிருக்கிறார்கள். `com` என்பதில் கடைசி எழுத்து மாறினால் அப்படி ஒரு தபால் ஆபீஸே கிடையாது, அதனால் `Enter a valid email` என்று வந்திருக்கிறது. முகவரி சரியாக இருந்தும் அதே வாசகம் வந்தால், கடைசியில் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். போனில் சொல்லைத் தானாக முடித்துக் குடுக்கும்போது பின்னால் ஒரு இடைவெளி சேர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. கர்சரைக் கடைசியில் வைத்து ஒரு தடவை அழித்துப் பாருங்கள். மூன்றாவது குழுவுக்கு வந்தது `already registered`. அது நிராகரிப்பே இல்லை. அதே மெயிலில் யாரோ ஏற்கெனவே கணக்கு திறந்திருக்கிறார்கள். விசாரித்தால், போன வருஷம் அதே குழுவின் பழைய ஊக்குநர் திறந்து பாதியில் விட்டதுதான். புதுசாக ஒரு மெயில் திறக்கத் தேவையில்லை, அந்தக் கடவுச்சொல்லை மாற்றினால் போதும்.

ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் குழுக்கள், ஒழுங்காக ஓடும்போதே உள்ளே போய் எந்த மெயில் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். தெரியாத முகவரியாக இருந்தால், அந்தப் பெட்டி உயிரோடு இருக்கும்போதே மாற்றினால் ஐந்து நிமிஷ வேலை. பெட்டி செத்துவிட்டது, ஆனால் கணக்குக்குள் நுழைய முடிகிறது என்றால், வெளியே வராமல் அங்கிருந்தே உதவிப் பகுதியில் எழுதிக் கேளுங்கள். வெளியே வந்துவிட்டால் காசோலை, கடிதம் என்று பொடிக் குழு போன வழிதான். உணவுப் பாதுகாப்புப் பதிவிலும் உத்யம் பதிவிலும் என்ன மெயில் குடுத்திருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள், அதையும் பல இடத்தில் சென்டர்காரர்கள்தான் போட்டிருப்பார்கள்.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் மேடைக்கு இடது பக்கம், குடிதண்ணீர் டிரம் பக்கத்தில் நானும் கொழுந்தனார் மகளும் உட்கார்ந்திருப்போம். குழு மெயில் திறக்க வேண்டியவர்கள் ஊக்குநர், பொருளாளர் இரண்டு பேருமாக வாங்க. டச் போனும் தீர்மான நோட்டும் கையில் இருக்கட்டும், போனில் சார்ஜ் இருக்கட்டும். குழுவுக்கு என்ன பேர், ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்று மட்டும் சாப்பிடும்போதே பேசி முடிச்சிட்டு வந்திடுங்க, அதுக்குத்தான் ரொம்ப நேரம் ஆகுது.